பழைய பேப்பரிலிருந்து மையைக் கழற்றுவது எப்படி? சுற்றுக்குச் சுற்று நார் ஏன் விறைக்கிறது?

காலையில் செய்தித்தாளைப் படித்து முடித்துவிட்டு விரல் நுனியைப் பாருங்கள், கறுத்திருக்கும். செய்தித்தாள் மை பெயிண்ட் போலக் காய்ந்து இறுகுவதில்லை. அது புகைக்கரியையும் எண்ணெயையும் குழைத்த கலவை. அச்சானதும் எண்ணெய் பேப்பருக்குள் இறங்கிவிடும், கரி மேலேயே உட்கார்ந்திருக்கும். விரலில் ஒட்டுவது அந்தக் கரிதான். பழைய பேப்பரிலிருந்து மை எடுப்பவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. தேய்த்தால் வரும் பொருளைக் கழற்றுவது சுலபம்.

நான் சில வருடங்கள் ஒரு காகித ஆலையின் மை நீக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே இரண்டு பிரச்சினைகள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று மை, இன்னொன்று நார். மையை எடுத்துவிடலாம், அதற்கு வழிமுறை இருக்கிறது. நார் இழந்த குணத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். இந்த வழிகாட்டி இரண்டையும் வரிசையாகச் சொல்கிறது. 700 கிலோ செய்தித்தாள், 300 கிலோ வழவழப்பான வார இதழ்கள், ஆக 1000 கிலோ பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு, அது புதுக் கூழாகும் வரை பின்தொடர்வோம்.

எதை உள்ளே விடுவது, எதை ஒதுக்குவது

பழைய பேப்பர் கடையில் எல்லாம் ஒரே கட்டுதான், ஆலைக்கு அப்படியில்லை. மை நீக்கப் போகும் லோடில் பழுப்பு அட்டைப் பெட்டி கலந்திருந்தால் கூழில் பழுப்புப் புள்ளிகள் தங்கும். மையை நுரையோடு மேலே மிதக்கவிடும் மிதவைத் தொட்டிகூட அந்த நிறத்தை எடுக்காது. பிளாஸ்டிக் பூசிய கப், மெழுகுத் தாள், கார்பன் பேப்பர் எல்லாம் வெளியே போக வேண்டும். சிவகாசி அச்சகங்களிலிருந்து வரும் அச்சேறாத வெள்ளை விளிம்பு வெட்டுகள் கிடைத்தால் அவற்றைத் தனியாக வைக்க வேண்டும். மையே இல்லாத சரக்கை மை நீக்கும் தொட்டியில் போடுவது வீண்செலவு.

செய்தித்தாளோடு வார இதழ் ஏன் கலக்க வேண்டும்? இதழின் வழவழப்புக்குக் காரணம் அதன் மேல் பூசிய களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும். அந்தத் தூள் பின்னால் மையை மிதக்க வைக்கும் கட்டத்தில் உதவுகிறது என்பது தொழிலில் நெடுநாள் அனுபவம். தவிர, இதழ்களின் வெள்ளை கூழின் வெண்மையையும் கொஞ்சம் ஏற்றும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பேப்பரின் வயது. காய்வதில்லை என்று மேலே சொன்ன அதே மை, மாதக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டால் மெல்ல இறுகத் தொடங்கும். அதிலுள்ள எண்ணெய்களும் பிசின்களும் ஆக்சிஜனோடு சேர்ந்து நாரைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஆலைகளில் இதற்குக் கோடை விளைவு என்றே பெயர், வெயில் காலத்தில் கூழ் கறுத்துப்போகும். நம் ஊரில் வருடத்தில் பாதி கோடைதான். ஒரு முறை தகரக் கூரை குடோனில் எட்டு மாதம் கிடந்த செய்தித்தாள் லோடு எங்களுக்கு வந்தது. மருந்து எல்லாம் சரியான அளவில் போட்டோம், கூழ் என்னவோ சாம்பல் நிறத்திலேயே நின்றது. மூன்று நாள் மருந்துத் தொட்டியைச் சந்தேகப்பட்டுவிட்டு, அப்புறம்தான் பேப்பரில் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சரக்கை மொத்தமாகப் போடாமல் புதுச் சரக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

பல்ப்பரில் பிரித்தல்

பல்ப்பர் என்பது ஒரு பெரிய தொட்டி, நடுவில் திருகு போன்ற சுழலி. மிக்ஸி என்று நினைத்துவிடக் கூடாது. மிக்ஸி வெட்டும், பல்ப்பர் பிசையும். கெட்டியான கூழில் நாரும் நாரும் ஒன்றோடொன்று உரசும், அந்த உரசலில்தான் மை கழலும்.

1000 கிலோ பழைய பேப்பரில் ஏறக்குறைய 100 கிலோ ஈரம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பொருள் 900 கிலோ. இதை 15 சதவீதக் கெட்டியில் பிசைய வேண்டும் என்றால் மொத்த எடை 6000 கிலோ, அதாவது 5000 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீர் 45 முதல் 50 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கட்டும். அதில் நான்கு மருந்துகள் போகும்.

காஸ்டிக் சோடா, காய்ந்த எடையில் ஒரு சதவீதம், நமக்கு 9 கிலோ. இது நாரை ஊதவைக்கும். நார் ஊதும்போது மேலே ஒட்டியிருக்கும் மைப் படலம் விரிசல் விட்டு உரியும். தவிர, மையின் எண்ணெயையும் பிசினையும் அறுக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுவும் ஏறக்குறைய ஒரு சதவீதம். செய்தித்தாளில் மரத்தை அப்படியே அரைத்த கூழ் நிறைய இருக்கும், அதில் லிக்னின் என்ற பொருள் போகாமல் இருக்கும். லிக்னின் மேல் காஸ்டிக் பட்டால் கூழ் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைத் தடுக்கத்தான் பெராக்சைடு.

சோடியம் சிலிக்கேட், சுமார் 2 சதவீதம், 18 கிலோ. கழன்ற மை திரும்ப நாரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும், தண்ணீரிலுள்ள இரும்பு பெராக்சைடைக் கெடுக்காமல் காப்பதும் இதன் வேலை.

கடைசியாக சோப்பு, ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 6 அல்லது 7 கிலோ. டிடர்ஜென்ட் இல்லை, கொழுப்பமிலத்தில் செய்த உண்மையான சோப்பு. ஏன் என்பதை மிதவைத் தொட்டியில் பார்ப்போம்.

கூழின் பிஹெச் 9.5 முதல் 10.5 வரை நிற்க வேண்டும். 11-ஐத் தாண்டினால் மஞ்சள் வரும், 9-க்குக் கீழே இறங்கினால் மை கழலாது. நேரம் 15 முதல் 20 நிமிடம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் இன்னும் சுத்தமாகும் என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. கழன்ற கரி மேலும் மேலும் பொடியாகி, நாரின் நடுக்குழலுக்குள்ளேயே புகுந்துவிடும். அங்கே போன கரியை யாராலும் வெளியே எடுக்க முடியாது. கூழ் நிரந்தரமாகச் சாம்பல் பூத்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்று தெரிய ஒரு கண்ணாடி பாட்டில் போதும். ஒரு சிட்டிகைக் கூழைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பேப்பர் துணுக்குகள் சில மிதந்தால் இன்னும் ஐந்து நிமிடம், மேகம் மாதிரி சீராகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

கல், பின், பசை

இந்தக் கட்டத்தை வேகமாகக் கடக்கலாம். கூழை நீர்த்து, சுழலும் கூம்புக் குழாய்க்குள் விட்டால் மணல், ஸ்டேப்ளர் பின் போன்ற கனமானவை அடியில் இறங்கும். அடுத்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கோடு கோடான திறப்புள்ள சல்லடைகள். கடைசிச் சல்லடையில் திறப்பு 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும். நார் அதைவிட நீளமானது, ஆனால் ஒல்லி. நீளவாக்கில் நழுவிப் போய்விடும், பிளாஸ்டிக் துணுக்கு மாட்டிக்கொள்ளும்.

பசைதான் இங்கே உண்மையான எதிரி. புத்தக முதுகில் உருக்கி ஊற்றும் பசையும் ஸ்டிக்கர் பசையும் சூட்டில் நெகிழ்ந்து சல்லடைத் திறப்பிலும் புகுந்துவிடும். பின்னால் பேப்பர் இயந்திரத்தின் சூடான உருளையில் அது ஒட்டி, ஓடும் தாளில் ஓட்டை போடும். தாள் அறுந்தால் முழு இயந்திரமும் நிற்கும். எங்களுக்கு நோட்டுப் புத்தக லோடு வந்த நாட்களில் உருளைகளைத் துடைக்கவே ஒரு ஆள் தனியாக நிற்பார். பசையை எடுக்க மிகச் சிறந்த இடம் பல்ப்பருக்கு முன்னால், கத்தியோடு. புத்தகத்தின் முதுகை வெட்டி வீசிவிட்டு உள்ளே விட வேண்டும்.

மையை மிதக்க வைத்தல்

போர் தண்ணீரில் சோப்புத் துணி துவைத்திருக்கிறீர்களா? நுரையே வராது, வெள்ளையாகத் திப்பி திப்பியாகத் திரண்டு வாளி விளிம்பில் ஒட்டும். உப்புத் தண்ணி என்று சலித்துக்கொள்வோம். மை நீக்கும் தொட்டியில் நாங்கள் விரும்பிச் செய்வது அதே வேலைதான்.

கழன்ற கரித்துகளுக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய்ப் பசையுள்ளது. நாருக்குத் தண்ணீர் பிடிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறோம். தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து உண்டாகும் அந்தத் திப்பி கரித்துகள்மேல் படியும். பொடிப்பொடியான கரிகளை ஒன்றுசேர்க்கும், காற்றுக் குமிழியோடு ஒட்ட வைக்கும். கூழை ஒரு சதவீதக் கெட்டிக்கு நீர்க்கிறோம். 900 கிலோ காய்ந்த பொருளுக்கு மொத்த எடை 90,000 கிலோ ஆகிவிடும். எனவே வடிகட்டிய தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் குமிழிகள் கரியைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். மேலே தார் மாதிரி கறுப்பு நுரை நிற்கும். அதை வழித்தெடுத்துவிட்டால் அடியில் இருப்பது வெளுத்த கூழ்.

துகளின் அளவு இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரான் வரையிலான துகள்கள் அழகாக மிதக்கும். அதைவிடப் பொடியானவை குமிழியைத் தொடாமலே தண்ணீரோடு சுற்றிப் போய்விடும். அதைவிடப் பெரியவை குமிழியிலிருந்து கழன்று விழும். நீரில் கரையும் மையால் அச்சடித்த சில வகைப் பேப்பர்கள் மை நீக்குபவனுக்குப் பெரும் தலைவலியாவது இதனால்தான். அந்த மை ஒரு மைக்ரானுக்கும் கீழே கரைந்து, தண்ணீரை விரும்பிக்கொண்டு உள்ளேயே இருக்கும். லேசர் பிரிண்டரின் டோனர் அதற்கு எதிர்க் கோடி. அது சூட்டில் உருகிய பிளாஸ்டிக், தட்டையான செதில்களாகப் பெயரும்.

நுரையைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். கறுப்பாக, கொஞ்சம் வறண்டு நின்றால் நல்லது. வெள்ளையாக, நார் நாராக வந்தால் நீங்கள் மையை விட்டுவிட்டுப் பேப்பரைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கிறீர்கள். சோப்பு கூடிவிட்டதா என்று பாருங்கள். நுரை வந்தும் கூழ் வெளுக்கவில்லை என்றால் தண்ணீரின் கடினத்தன்மையைப் பாருங்கள். மென்னீரில் திப்பி உருவாகாது, அப்போது கால்சியம் குளோரைடு சேர்க்க வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு மாதத்துக்குள் வந்த செய்தித்தாள் 20 கிராம், அதாவது ஒரு பெரிய தாள், கிழித்துத் துண்டாக்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் போர் தண்ணீரில், அரை டீஸ்பூன் சலவைச் சோடாவும், சீவிய பார் சோப்பு ஒரு சிட்டிகையும் போட்டு அதில் ஊறவிடுங்கள். காஸ்டிக் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. 20 நிமிடம் கழித்துக் கையுறை போட்டுக் கொண்டு பிசையுங்கள். மேகம் மாதிரி ஆனதும் ஒரு பக்கெட்டில் இரண்டு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்து, மீன் தொட்டிக் காற்று மோட்டாரின் கல்லை அடியில் விடுங்கள். சில நிமிடங்களில் சாம்பல் நுரை வரும், கரண்டியால் வழித்தெடுங்கள். முன்னும் பின்னும் ஒரு கப் கூழைத் துணியில் வடித்துக் காயவைத்து அருகருகே வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பேப்பர் பழையது என்றால் அவ்வளவு தெரியாது, அதுவும் ஒரு பாடம்தான். சாப்பாட்டு மிக்ஸி, பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

இந்த வேலை இப்போது கண்டுபிடித்ததில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் யூஸ்டஸ் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர், அச்சிட்ட பேப்பரிலிருந்து மையைக் கழுவிப் புதுப் பேப்பர் செய்வது பற்றி 1774-லேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது துணி வெளுக்கும் ஒருவகைக் களிமண். சட்டம் படித்தவருக்கு இந்த வேலை எதற்கு என்று யோசித்தால், அந்தக் காலத்தில் பேப்பர் செய்யக் கந்தல் துணிதான் மூலப்பொருள், அதற்குத் தட்டுப்பாடு இருந்தது என்பது பதில்.

மிச்சப் புள்ளிகளும் வெளுப்பும்

மிதவைக்குப் பிறகும் டோனர் செதில், பசைத் துணுக்கு சில தங்கும். கூழைப் பிழிந்து 25, 30 சதவீதக் கெட்டியாக்கி, 90 டிகிரிக்கு மேல் சூடேற்றி, பற்கள் உள்ள இரண்டு தட்டுகளுக்கிடையே பிசைவார்கள். புள்ளிகள் பொடியாகும். அப்புறம் இன்னொரு முறை மிதக்கவிட்டால் சில வெளியே போகும், மற்றவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். இறுதியில் பெராக்சைடோ டைதயோனைட் என்ற வெளுப்பு மருந்தோ போட்டு வெளுக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் செய்தித்தாள் கூழ் ஏ4 பேப்பரின் வெண்மைக்கு வராது. அதிலுள்ள லிக்னின் விடாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 900 கிலோ உள்ளே போனது. செய்தித்தாள் ரகக் கூழுக்கு 80 முதல் 85 சதவீதம்தான் திரும்பும். 82 என்று வைத்தால் 738 கிலோ கூழ். மீதி 162 கிலோவில் மை கொஞ்சம்தான். பெரும்பங்கு களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் நுண்ணிய நார்த் தூளும். டிஷ்யூ பேப்பர் போன்ற மென்மையான ரகத்துக்கு அந்தத் தூளை முழுதாகக் கழுவ வேண்டும் என்பதால் நஷ்டம் இன்னும் கூடும். கரூருக்குப் பக்கத்தில் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு எழுந்தது. அங்கேயும் பின்னாளில் மை நீக்கும் பிரிவு வந்தது. எந்த ஊர் ஆலையானாலும் இந்தக் கழிவு எங்கே போகும் என்பது தினசரிக் கேள்வி.

நாருக்கு என்ன ஆகிறது

மறுசுழற்சியில் நார் வெட்டுப்பட்டுக் குட்டையாகிறது, அதனால் பேப்பர் பலவீனமாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் முதல் சுற்றில் நடக்கும் பெரிய சேதம் வெட்டுவதால் வருவதில்லை, காய்வதால் வருகிறது.

கத்தரிக்காய் வற்றலை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்ததைக் குழம்புக்கு முன்னால் வெந்நீரில் ஊறப் போடுகிறோம். ஊறுகிறது, ஊதுகிறது, ஆனால் பறித்த கத்தரிக்காயாகத் திரும்பி வருவதில்லை. ஒரு தரம் காய்ந்தபோது சுருங்கிய சில இடங்கள் திரும்ப விரிவதே இல்லை. பேப்பர் நாரும் அப்படித்தான்.

நாரின் சுவர் ஒரே கட்டி இல்லை, மெல்லிய அடுக்குகள் சேர்ந்தது. மரத்தையோ சக்கையையோ மருந்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்து எடுக்கும்போது, லிக்னின் இருந்த இடங்கள் நுண்துளைகளாகின்றன. அவற்றில் தண்ணீர் நிறையும். நார் தொட்டாலே நசுங்கும் அளவுக்கு மென்மையாகும். இந்த மென்மைதான் பேப்பரின் பலம். தாள் உருவாகும்போது மெத்தென்ற நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பக்கத்து நாரோடு நிறைய இடத்தில் ஒட்டுகின்றன. நீர் வற்றும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகி அந்த ஒட்டு உறுதியாகிறது. பேப்பரில் தனிப் பசை இல்லாமலே பேப்பர் நிற்பது இப்படித்தான்.

ஆனால் நாருக்கும் நாருக்கும் நடுவில் நடக்கும் அதே காரியம் நாரின் உள்ளேயும் நடக்கிறது. சுவரின் துளைகளிலிருந்து தண்ணீர் வெளியேறும்போது, நீரின் பரப்பு இழுவிசை அடுக்குகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்ட வைக்கிறது. அந்த ஒட்டுகளில் ஒரு பகுதி மறுபடி நனைத்தாலும் பிரிவதில்லை. அடுத்த முறை அந்த நார் பல்ப்பரில் ஊறும்போது முன்போல ஊதாது, விறைப்பான குச்சியாக இருக்கும். விறைத்த குச்சிகளைக் குவித்தால் இடையில் இடைவெளிகள்தான் அதிகம், ஒட்டும் இடம் குறைவு. தாள் தடிமனாகவும் தொளதொளவென்றும் வரும், இழுத்தால் சுலபமாக அறும்.

இதை முதலில் அளந்து பெயரிட்டவர் ஜெர்மனியின் ஜார்ஜ் ஜெய்மே, 1944-ல். விலங்குக் கொம்பு போல விறைத்துப்போகிறது என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார். தமிழில் கொம்பாதல் என்று சொல்லலாம். அளவை எளிமையானது: நனைந்த கூழை வேகமாகச் சுழற்றி, நார்களுக்கு இடையிலுள்ள தண்ணீரைப் பிழிந்துவிட்டு எடை போடுகிறோம். அப்புறம் 105 டிகிரியில் முழுதாகக் காய்த்து மறுபடி எடை. வித்தியாசம், நாரின் சுவருக்குள் நின்ற தண்ணீர். ஒருமுறைகூடக் காயாத வெளுத்த கூழ் ஒரு கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவில் தண்ணீர் பிடிக்கும். காய்ந்து மறுபடி நனைந்தால் ஒரு கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கூழ் வகையைப் பொறுத்து எண்கள் மாறும், சரிவு மாறாது. பெரும் இழப்பு முதல் தடவை காயும்போதே நடந்துவிடுகிறது. நான்கைந்து சுற்றுக்குப் பின் பெரிய மாற்றம் இருப்பதில்லை.

இங்கே ஒரு சுவாரசியமான சோதனை உண்டு. பேப்பரை மிக நெருக்கமாக இரண்டு கிடுக்கிகளில் பிடித்து இழுத்தால், ஒட்டுகள் விடுபட வாய்ப்பில்லை, நாரே அறுந்தாக வேண்டும். அப்படி அளந்தால் பலமுறை காய்ந்து நனைந்த நாரின் பலம் பெரிதாகக் குறைவதில்லை. தாளின் பலம் மட்டும் சரிகிறது. ஆகவே நார் தளரவில்லை, பக்கத்து நாரைப் பிடித்துக்கொள்ளும் சக்திதான் போகிறது. வேடிக்கையாக, கிழிக்கும் சோதனையில் ஆரம்பச் சுற்றுகளில் எண் ஏறக்கூடச் செய்யும். ஒட்டு குறைவதால் நார் அறுபடாமல் முழுதாக உருவி வருகிறது, உருவ அதிக வேலை தேவை. கிழிப்பு எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

செய்தித்தாள் நாருக்கு இந்தக் கதை வேறு மாதிரி போகும். மரத்தை வேகவைக்காமல் அரைத்த நாரில் லிக்னின் இருப்பதால், சுவருக்குள் மூடிக்கொள்ள அவ்வளவு துளைகள் இல்லை. முதலிலேயே விறைப்பானது அது. திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டும் ஊறியும் தட்டையாகி, சில சமயம் இழுவலுவில் கொஞ்சம் முன்னேறக்கூடச் செய்யும். மை நீக்கத்தில் எளிது, நாரிலும் குறைந்த சேதம் என்று செய்தித்தாள் இரண்டு வகையில் நமக்கு அனுகூலமானது. மாறாக ஏ4 பேப்பரும் நோட்டுப் பேப்பரும் வேகவைத்த கூழ், அவைதான் கொம்பாகும். அதிலும் கரும்புச் சக்கை நார் பைன் மர நாரின் மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் பாதிகூட வராது. ஆரம்பத்திலேயே குட்டையாக இருப்பது கொம்பாகவும் ஆனால் ஈடுகட்ட இடமே இல்லை.

திரும்பப் பலமூட்டலாமா

ஓரளவுக்கு முடியும். ரிஃபைனர் என்ற இயந்திரம் கூழைப் பள்ளம் மேடுள்ள இரண்டு தட்டுகளுக்கிடையே அழுத்தி உரசும். மூடிய சுவர் கொஞ்சம் விரியும், நாரின் மேற்பரப்பில் மயிர்போலச் சிறு இழைகள் எழும்பும், ஒட்டு திரும்பும். ஆனால் விலை உண்டு. காய்ந்து விறைத்த நார் புது நாரைப் போல வளைந்து கொடுக்காது, உடைந்து தூளாகும். தூள் கூடினால் பேப்பர் இயந்திரத்தின் வலையில் தண்ணீர் வடிய நேரமாகும், ஓட்ட வேகத்தைக் குறைக்க வேண்டும். நார் குட்டையாவது என்று ஆரம்பத்தில் சொன்னது பெருமளவு இங்கேதான் நடக்கிறது. கொம்பான நாரைச் சரிசெய்யப் போய் நாம் அதை வெட்டுகிறோம்.

ஆகவே நடைமுறையில் லேசாகவே உரசுவார்கள், மீதிக்கு ஸ்டார்ச் சேர்ப்பார்கள், அதற்கும் மேலே தேவைப்பட்டால் நீண்ட புது நார்க் கூழ் கொஞ்சம் கலப்பார்கள். இயந்திரத்தின் உலர்த்தும் உருளைகளில் தேவைக்கு மேல் காய்க்காமல் இருப்பதும் உதவும். அதிகச் சூட்டில் எலும்பு போலக் காய்ந்த தாள் அடுத்த சுற்றில் அதிகமாகக் கொம்பாகும்.

ஒரு நாரை எத்தனை முறை சுற்றலாம் என்று கேட்டால் ஐந்து முதல் ஏழு என்று பதில் வரும். அந்த எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2021-ல் மடித்துச் செய்யும் அட்டைப் பெட்டியை ஆய்வகத்தில் 25 முறைக்கு மேல் மறுசுழற்சி செய்தும் அது தாங்கியது. அட்டைக்கு வெண்மை வேண்டாம், மை நீக்கும் கழுவல் வேண்டாம், அதனால் தாங்குகிறது. எழுதும் பேப்பருக்கு அதே கணக்கு பொருந்தாது.

உண்மையில் ஒரு ஆலையின் கூழில் எல்லா நாருக்கும் ஒரே வயது இருப்பதில்லை. ஒரு ஊரின் பேப்பர் முழுக்க 70 பங்கு பழைய நாரும் 30 பங்கு புது நாரும் என்று தொடர்ந்து ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 30 சதவீதம் புதியது, அதில் 70 சதவீதம், அதாவது 21 சதவீதம் ஒரு சுற்று போனது, அதிலும் 70 சதவீதம், சுமார் 15 சதவீதம் இரண்டு சுற்று. இப்படியே போனால் ஆறு சுற்றும் அதற்கு மேலும் கடந்த நார் மொத்தத்தில் 12 சதவீதம்தான். புது நாரின் பங்கை 10 ஆகக் குறைத்தால் அந்த 12 சதவீதம் 53 ஆகிவிடும். புது நார் என்பது ஒரு ஊறுகாய்போல, அளவு சிறிதானாலும் மொத்தத்தின் சுவையை அதுதான் தீர்மானிக்கிறது.

வலையில் நழுவிப் போகும் அளவுக்குக் குட்டையான நார் எங்கே முடிகிறது? கொஞ்சம் கழிவுச் சேற்றில். இன்னும் வலையில் நிற்கும் தரமுள்ளது காலண்டருக்குப் பின்னே வரும் சாம்பல் அட்டையில், புத்தகக் கட்டு அட்டையில். அதிலும் தேறாதது முட்டைத் தட்டுக்குப் போகலாம். நாமக்கல்லிலிருந்து லாரியில் முட்டை அடுக்கி வரும் அந்தச் சாம்பல் நிறத் தட்டுக்கு மை எடுக்க வேண்டாம், வெளுக்க வேண்டாம், ஒட்டு கொஞ்சம் குறைந்தாலும் போதும், ஏனென்றால் வடிவம்தான் தாங்குகிறது. அடுத்த முறை தட்டைக் கையில் எடுத்தால் விரலால் ஓர் ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள். எளிதாகப் பிய்ந்து, விளிம்பில் நீளமான இழைகள் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காது. செய்தித்தாளையும் அதே மாதிரி மெதுவாகக் கிழித்து, இரண்டு விளிம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாரின் நீளம் வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.